இரண்டும் உண்மை, ஆனாலும் இடிக்கிறது

திறனறித் தேர்வுகளின் தர்க்கப் பகுதியில் முரண்பாட்டைத் தீர்க்கச் சொல்லும் கேள்விகள் ஒரு தனி வகை. அமெரிக்காவின் எல்சாட், ஜிமேட் தேர்வுகளில் இவை வழக்கமாக வருபவை. இந்தியாவில் வங்கி அதிகாரித் தேர்வுக்குப் படிப்பவர்களும் இவற்றைச் சந்திப்பதுண்டு. ஒன்றோடொன்று பொருந்தாததுபோல் தோன்றும் இரண்டு தகவல்கள் தரப்படும். கீழே ஐந்து விடைகள் இருக்கும். எது உண்மையானால் இந்த முரண் மிக நன்றாக விளங்கும் என்பதே கேள்வி.

ஒரு கற்பனைக் கேள்வியைப் பார்க்கலாம். ஒரு மாவட்ட மருத்துவமனையில் பாம்புக்கடிக்கான விஷமுறிவு மருந்து அடிக்கடித் தீர்ந்துபோகும். சென்ற ஆண்டு முழுவதும் அது தட்டுப்பாடின்றிக் கிடைத்தது. இருந்தும், அங்கே வந்த பாம்புக்கடி நோயாளிகளில் இறந்தவர்கள் 4 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் கூடினார்கள். இதை விளக்குவது எது?

அ) பாம்புக்கடிக்காக வந்தவர்களின் எண்ணிக்கை முந்தைய ஆண்டைவிட அதிகம்.
ஆ) மருந்து உரிய குளிர்நிலையில் பத்திரமாக வைக்கப்பட்டிருந்தது.
இ) தொலைதூர மலைக் கிராமங்களுக்கு அந்த ஆண்டுதான் ஆம்புலன்ஸ் வசதி வந்தது.
ஈ) பக்கத்து மாவட்ட மருத்துவமனையிலும் இறப்பு சதவீதம் உயர்ந்தது.
உ) அந்த மருந்து எல்லா வகைப் பாம்பின் விஷத்தையும் முறிக்காது.

இரண்டு தகவல்களையும் அப்படியே ஏற்றுக்கொள்வதுதான் முதல் வேலை. கணக்கெடுத்தவர் தவறியிருப்பார், மருந்து போலியாக இருக்கும் என்று சந்தேகப்படுவது இங்கே செல்லாது. இரண்டும் உண்மையென்றால், அவை மோதுவதாக நினைக்க வைத்தது வாசகர் தாமாகச் சேர்த்துக்கொண்ட ஏதோ ஓர் அனுமானம். முந்தைய ஆண்டு வந்த நோயாளிகளும் சென்ற ஆண்டு வந்தவர்களும் ஒரே மாதிரியானவர்கள் என்பதே இங்குள்ள அனுமானம். கேள்வியில் அப்படி எங்கும் சொல்லப்படவில்லை.

அதை உடைப்பது இ. முன்பு கடுமையாக விஷமேறியவர்கள் மருத்துவமனைக்கு வரும் முன்பே இறந்துபோனார்கள். அவர்கள் கணக்கிலேயே சேரவில்லை. எண்களைப் போட்டால் தெளிவாகும். முந்தைய ஆண்டு 100 பேர் வந்து 4 பேர் இறந்தார்கள், வழியிலேயே 20 பேர் இறந்தார்கள் என்று கொள்வோம். சென்ற ஆண்டு அதே நிலையில் 100 பேர் வந்து, மருந்தின் புண்ணியத்தில் 2 பேர் மட்டுமே இறந்தார்கள். ஆம்புலன்ஸ் கொண்டுவந்த 20 கடும் நோயாளிகளில் பாதிப்பேர் பிழைக்கவில்லை. ஆக 120 பேரில் 12 மரணம், அதாவது 10 சதவீதம். ஆனால் மொத்த மரணம் 24லிருந்து 12 ஆகப் பாதியாகியிருக்கிறது. மருந்து வேலை செய்ததும் உண்மை, சதவீதம் ஏறியதும் உண்மை.

தவறான விடைகளில் அ பலரை ஏமாற்றும். ஆட்கள் கூடினால் மரணமும் கூடத்தானே செய்யும் என்று தோன்றும். கேள்வி பேசுவது எண்ணிக்கையை அல்ல, சதவீதத்தை. உ இன்னும் நுட்பமான பொறி. இந்தியாவில் பயன்படும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கானது என்று அறிந்தவர் உடனே அதைத் தேர்ந்துவிடுவார். ஆனால் அந்தக் குறை முந்தைய ஆண்டும் இருந்தது. மாறாமல் இருக்கும் ஒன்று, சிலர் ஏன் இறக்கிறார்கள் என்பதைச் சொல்லலாமே தவிர, இறப்பு ஏன் கூடியது என்பதைச் சொல்லாது. ஆ முரணை இன்னும் இறுக்குகிறது. ஈ அதே புதிரைப் பக்கத்து ஊருக்கும் கொண்டுபோகிறது, அவ்வளவுதான்.

இந்த வகைப் புதிர் தேர்வறைக்கு வெளியிலும் உண்டு. 1973இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்கு விண்ணப்பித்த ஆண்களில் சுமார் 44 சதவீதத்தினருக்கு இடம் கிடைத்தது. பெண்களில் சுமார் 35 சதவீதம்தான். ஆனால் துறை துறையாகப் பார்த்தபோது, பெரும்பாலான துறைகளில் பெண்களுக்கு எதிரான சாய்வு தென்படவில்லை. பிக்கல், ஹாம்மல், ஓ'கானல் மூவரும் 1975இல் ‘சயன்ஸ்’ இதழில் இதை விளக்கினார்கள்: இடம் கிடைப்பது அரிதான துறைகளுக்கே பெண்கள் அதிகம் விண்ணப்பித்திருந்தார்கள். இங்கும் ஒப்பிடப்பட்ட இரு கூட்டங்கள் ஒரே மாதிரியானவை அல்ல.

சரியான விடை எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. ஆம்புலன்ஸில் வந்தவர்கள் கடும் நிலையில் இருந்தார்கள் என்று இ சொல்லவே இல்லை. தூரத்திலிருந்து வருபவர்களுக்கு விஷம் ஏறியிருக்கும் என்று ஊகிக்க இடம் தருகிறது. அதுவே போதும். சில சமயம் கேள்வி தலைகீழாகவும் வரும்: நான்கு விடைகள் முரணைத் தீர்க்கும், தீர்க்காத ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும். அப்போது அந்த நான்கும் ஒரே காரணத்தைச் சொல்ல வேண்டும் என்பதில்லை. தனித்தனி வழியில் இரு தகவல்களையும் பொருத்தினால் அவற்றை விலக்கிவிடலாம். பொருத்தாமல் நிற்பதும், முரணைக் கூட்டுவதும் அங்கே விடையாகிவிடும்.