ஜன்னல் புகைபோக்கி ஆகாது

கேஸ் கீசர் வாங்கப் போகிறவர் கடையில் கேட்பது பெரும்பாலும் மூன்றே கேள்வி. நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், சிலிண்டர் எத்தனை நாள் வரும், வாரண்டி எத்தனை வருடம். எரிந்த வாயு எந்த வழியாக வெளியே போகும் என்று கேட்பவர் அபூர்வம். கேட்டாலும், "பாத்ரூம்ல வென்டிலேட்டர் இருக்குல்ல சார், போதும்" என்று பதில் வந்துவிடும். போதுமா என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

அடுக்குமாடி வீட்டுக் குளியலறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஐந்தடி அகலம், ஏழடி நீளம், எட்டடி உயரம். உள்ளே இருக்கும் காற்று 280 கன அடி, அதாவது சுமார் 8,000 லிட்டர். சுவரில் நிமிடத்துக்கு 6 லிட்டர் வெந்நீர் தரும் கீசர். முழு வேகத்தில் எரியும்போது அது நிமிடத்துக்கு ஏறக்குறைய 15 கிராம் எல்.பி.ஜி.யைத் தின்கிறது. அந்த 15 கிராம் முழுதாக எரிய 190 லிட்டர் காற்று வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர் நிமிடத்துக்கு உள்ளிழுப்பது ஏழெட்டு லிட்டர்தான். ஆக, கீசரைத் திறந்துவிட்டுக் குளிப்பவர் இருபது பேருக்கு மேற்பட்ட கூட்டத்தோடு ஒரே அறையில் மூச்சு விடுகிறார்.

கதவும் ஜன்னலும் இறுகச் சாத்தியிருந்தால், அறைக் காற்றில் 21 சதவீதம் இருந்த ஆக்சிஜன் ஐந்து நிமிடத்தில் பதினெட்டரைக்கு இறங்கும். பத்து நிமிடத்தில் 16. கதவிடுக்கு வழியாகக் கொஞ்சம் காற்று வரும் என்பதால் நிஜத்தில் இறக்கம் இதைவிட மெதுவாக இருக்கலாம். ஆனால் மார்கழிக் குளிரில், காற்று வரக்கூடாது என்று வென்டிலேட்டர் கண்ணாடியை அட்டை வைத்து அடைத்து, கதவிடுக்கில் துண்டைச் செருகிவிட்டுக் குளிக்கிற வீடுகளும் உண்டு. அங்கே கணக்கு ஏறக்குறைய அப்படியே பலிக்கும்.

ஆக்சிஜன் குறைவதால் மட்டும் ஆள் விழுவதில்லை. அதற்கு முன்பே சுடர் கெட்டுப்போகிறது. காற்று தாராளமாக இருக்கும்போது எரிவாயுவில் உள்ள கார்பன் முழுதாக எரிந்து கார்பன் டை ஆக்சைடாகிறது. ஆக்சிஜன் குறைந்து, போதாக்குறைக்குத் தான் கக்கிய கழிவு வாயுவையே கீசர் திரும்ப இழுக்கத் தொடங்கியதும், எரிதல் பாதியில் நிற்கிறது. கார்பன் மோனாக்சைடு பிறப்பது அங்கேதான். அது சீராக ஏறுவதில்லை. முதல் சில நிமிடங்கள் அநேகமாக ஒன்றுமே இருக்காது, பிறகு திடீரென்று எகிறும். வரிசையாக நாலு பேர் குளிக்கும் வீட்டில் முதலில் போனவர் நன்றாக வெளியே வருவதும், மூன்றாவதாகப் போனவர் கதவைத் திறக்காமல் போவதும் இதனால்தான். ஆள் மாறும்போது கதவு அரை நிமிடம் திறந்து மூடுவதால் அறைக் காற்று புதிதாகிவிடுவதில்லை.

காற்றில் பத்து லட்சத்தில் 1,600 பங்கு கார்பன் மோனாக்சைடு இருந்தால் இருபது நிமிடத்தில் தலைவலி, மயக்கம், குமட்டல் வரும்; ஒரு மணி நேரத்துக்குள் உயிர் போகலாம். 6,400 பங்கு என்றால் ஓரிரு நிமிடத்தில் தலை சுற்றும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின், ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு இந்த வாயுவைப் பற்றிக்கொள்கிறது. மூச்சு முட்டாது, இருமல் வராது. கால் தளர்ந்து உட்காரும்போதுதான் ஏதோ சரியில்லை என்றே தோன்றும். அப்போது தாழ்ப்பாளை எட்டும் தெம்பு இருக்காது.

'கேஸ் வாசனையே வரவில்லையே' என்று சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எல்.பி.ஜி.யில் நாற்றத்துக்காகச் சேர்க்கும் மெர்காப்டன் கசிவைக் காட்டிக்கொடுக்கத்தான் உதவும். எரிந்துவிட்டால் அந்த நாற்றமும் சேர்ந்து எரிந்துவிடும். கார்பன் மோனாக்சைடுக்குச் சொந்தமாக வாசனையோ நிறமோ கிடையாது. சுடர் அணைந்தால் கேஸை நிறுத்தும் பாதுகாப்பு அமைப்பு கீசரில் இருக்கிறது என்பதும் இங்கே உதவாது. இங்கே சுடர் அணைவதில்லையே. இருபது நிமிடத்தில் தானாக அணையும் டைமர் சில மாடல்களில் உண்டு. மேலே போட்ட கணக்குக்கு அது தாமதம். அணைந்ததும் குழாயை மூடித் திறந்து மறுபடி பற்றவைக்கவும் செய்கிறோம்.

இனி, எந்தக் கீசர் எங்கே இருக்கலாம் என்பது. நம் ஊரில் மலிவாகக் கிடைப்பவற்றில் பல புகைபோக்கியே இல்லாதவை. மேலே ஒரு துளைத் தட்டு இருக்கும், எரிந்த வாயு அது வழியாக அறைக்குள்ளேயே இறங்கும். இந்த வகையைக் குளியலறைக்குள் மாட்டுவதற்கு எந்த ஜன்னலும் பரிகாரம் இல்லை. அதன் தலையில் ஒரு குழாயைச் செருகி வெளியே விட்டுவிடலாம் என்று நினைப்பதும் தவறு. அப்படி ஒரு குழாய்க்காக அது வடிவமைக்கப்படவில்லை, பி.வி.சி. குழாயாக இருந்தால் உருகியும் போகும்.

அடுத்தது, புகைபோக்கி உண்டு, ஆனால் எரிவதற்கான காற்றை அறையிலிருந்தே எடுக்கும் வகை. இதில் சூடான வாயு லேசாகி மேலே ஏறுவதுதான் இழுவை. அந்த இழுவை கிடைக்க, கீசரின் தலையிலிருந்து குழாய் முதலில் குறைந்தது இரண்டடி நேராக மேலே போக வேண்டும். அதற்குப் பிறகுதான் முதல் வளைவு. படுக்கையாகப் போகும் நீளம் குறைவாகவும், வெளிப்பக்கம் நோக்கி ஏறுமுகமாகவும் இருக்க வேண்டும். கீசரின் வாயைவிடக் குழாய் எங்கேயும் குறுகக் கூடாது. வெளிமுனைக்கு மழையும் பறவையும் நுழையாத மூடி வேண்டும். அது யாருடைய ஜன்னலுக்கும் அருகில் இருக்கக் கூடாது. ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே குழாயை விட்டுவிட்டு, 'கண்ணுக்குத் தெரியவில்லை, அழகாக இருக்கிறது' என்று முடித்துவிடுவது கொடுமை. அந்த வாயு அங்கிருந்து கீழேதான் வரும்.

குழாய் ஒழுங்காக இருந்தும் ஒரு வில்லங்கம் இருக்கிறது: எக்ஸாஸ்ட் ஃபேன். ஆபத்தைக் குறைக்கத்தான் அதைப் போடுகிறோம். ஆனால் கதவு மூடியிருக்கும் சின்ன அறையில் அது காற்றை வெளியே தள்ளும்போது, அதற்கு ஈடான காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். கதவடியில் வழி போதவில்லை என்றால், புகைபோக்கி வழியாகவே வெளிக்காற்று இறங்கும். மேலே போக வேண்டிய எரிந்த வாயு அதோடு சேர்ந்து அறைக்குள் திரும்பும். விசிறியின் இழுவைக்கு முன்னால் சூட்டின் இழுவை நிற்காது. புகைபோக்கி இல்லாத கீசர் உள்ள அறையில் ஃபேன் ஓரளவு உதவும்தான், ஆனால் கரண்ட் போனால் அதுவும் போச்சு. கரண்ட் போனாலும் வெந்நீர் வரும் என்றுதானே பலர் கேஸ் கீசர் வாங்குகிறார்கள்.

புகைபோக்கி இழுக்கிறதா என்று பார்க்க ஓர் ஊதுபத்தி போதும். குளியலறைக் கதவையும் ஜன்னலையும் சாத்துங்கள். எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுங்கள். பக்கத்துச் சமையலறையில் புகை உறிஞ்சும் சிம்னி இருந்தால் அதையும் ஓடவிடுங்கள். கீசரை ஐந்து நிமிடம் எரியவிட்டு, அதன் தலையில் குழாய் தொடங்கும் இடத்துக்கு அடியில் உள்ள திறப்பின் ஓரமாக ஊதுபத்தியைக் கொண்டுபோங்கள். புகை இழை உள்ளே வளைந்து மேலே ஓட வேண்டும். அது தயங்கி நின்றாலோ, முகத்தை நோக்கி வெளியே தள்ளப்பட்டாலோ, கீசரை அணைத்துவிட்டுக் கதவைத் திறந்து வெளியே வந்துவிடுங்கள். குழாயில் குளவி கூடு கட்டியிருக்கலாம், இணைப்பு கழன்றிருக்கலாம், ஃபேன் வேலையைக் காட்டியிருக்கலாம். இந்தச் சோதனையை ஒருவர் செய்யும்போது இன்னொருவர் கதவுக்கு வெளியே நிற்பது நல்லது.

சுடரின் நிறமும் ஒரு துப்பு. மஞ்சள் நாக்குகள் தெரிந்தாலோ, செப்புத் தகடுகளின் இடுக்கில் கரி படிந்திருந்தாலோ, முன்மூடியின் மேற்புறம் கறுத்திருந்தாலோ எரிதல் கெட்டிருக்கிறது. தகடுகளில் கரியும் தூசியும் அடைத்தால் வாயு மேலே போக வழியின்றி எரிதல் மேலும் கெடும். ஆண்டுக்கு ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்வது அதற்காகத்தான். நீலச் சுடர் என்பதால் மட்டும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. ஆக்சிஜன் குறைந்த அறையில் நீலமாக எரிந்துகொண்டே நஞ்சைக் கக்கவும் அதற்குத் தெரியும்.

பிரிட்டனில் இதற்கு ஒரே வரியில் முடிவு கட்டிவிட்டார்கள். அங்குள்ள 1998ஆம் ஆண்டின் எரிவாயுப் பாதுகாப்பு விதிகளின்படி, குளியலறையில் புதிதாக மாட்டும் எந்த எரிவாயுச் சாதனமும் அறைக் காற்றோடு தொடர்பே இல்லாத மூடிய வகையாக இருக்க வேண்டும். அதாவது குழாய்க்குள் குழாயாக இரண்டு குழாய்கள் சுவரைத் துளைத்து வெளியே போகும். ஒன்று வெளிக்காற்றை எரிகலனுக்குக் கொண்டுவரும், மற்றொன்று எரிந்ததை வெளியேற்றும். அந்த வகை கிடைத்து, சரியாக மாட்டவும் ஆள் கிடைத்தால் சரி. இல்லையென்றால் எளிய வழி, கீசரைக் குளியலறைக்கு வெளியே மாட்டி வெந்நீர்க் குழாயை மட்டும் உள்ளே கொண்டுபோவது. கூடுதலாக ஆவது சில அடி குழாயும், வெந்நீர் வர இன்னும் சில வினாடி காத்திருப்பும்தான்.

வெளியே என்றால் உண்மையிலேயே வெளியே. கண்ணாடி போட்டு மூடிய பால்கனி இன்னோர் அறை. குளியலறை வென்டிலேட்டருக்கு நேர் கீழே மாட்டினால் வாயு அது வழியாகவே உள்ளே ஏறும். அடுக்குமாடிகளில் குழாய்கள் இறங்கும் ஒடுக்கமான டக்ட் இன்னும் மோசம். கீழ் வீட்டுக்காரர் அங்கே கீசரை எரித்தால், மேல் வீட்டுக் குளியலறை ஜன்னல் அதே டக்டில்தான் திறந்திருக்கும்.

உள்ளே போனவர் கூப்பிட்டால் குரல் கொடுக்கவில்லை என்றால், கதவை உடைத்தாவது திறந்து, மூச்சை அடக்கிக்கொண்டு அவரை வெளியே இழுத்துவிட வேண்டும். பிறகு சிலிண்டர் வால்வை மூடி, 108ஐ அழைக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் முதலில் சொல்ல வேண்டிய செய்தி, "கேஸ் கீசர் எரிந்துகொண்டிருந்தது" என்பது. வலிப்போடு வருபவரைக் கால்-கை வலிப்பு நோயாளி என்று நினைத்துவிட வாய்ப்பு உண்டு. வெந்நீரைத் தலையில் ஊற்றினாலே வரும் ஒருவகை வலிப்பு தென்னிந்தியாவில், குறிப்பாகக் கர்நாடகத்தில், அதிகம் பதிவாகியிருப்பதால் குழப்பம் இன்னும் கூடும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரையும் நம்ப முடியாது. கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் அது ஆக்சிஜன் ஏறியதாகவே படித்து 98 என்று காட்டும். ரத்தத்தில் கார்பாக்சிஹீமோகுளோபின் பரிசோதனை செய்தால்தான் உண்மை தெரியும்.

சாதாரணக் காற்றில் விட்டுவைத்தால் ரத்தத்திலுள்ள நஞ்சு பாதியாகக் குறையவே நாலைந்து மணி நேரம் ஆகும். முகமூடி வழியாக நூறு சதவீத ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரம். எனவே 'வெளியே வந்ததும் தெளிந்துவிட்டார்' என்று வீட்டிலேயே படுக்கவைப்பது சரியல்ல. நன்றாகத் தேறி வீடு திரும்பிய சிலருக்கும், சில நாளோ சில வாரமோ கழித்து மறதி, நடையில் தடுமாற்றம், சுபாவத்தில் மாற்றம் தோன்றுவதுண்டு. அப்படி எதுவும் தெரிந்தால், அந்தக் குளியலறை மயக்கத்தைச் சொல்லியே நரம்பியல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.