அட்டைக்குள் ஒளிந்திருக்கும் நீர் மாத்திரை

உத்திரமேரூரிலிருந்து செங்கல்பட்டுக்கோ காஞ்சிபுரத்துக்கோ பஸ் ஏறினால் போய்ச் சேர ஒரு மணி நேரம் போல ஆகிவிடும். நீர் மாத்திரை சாப்பிடும் பெண்களில் சிலர் ஊருக்குப் போகும் நாளில் காலையில் அதை மட்டும் ஒதுக்கிவிடுவார்கள். வழியில் ஒதுங்க இடம் இல்லையே! நடவு வேலைக்குப் போகிறவர்களுக்கும் இதே தொல்லைதான். இவ்வளவு அவதி என்றால் ராத்திரியே போட்டுக்கொண்டால் என்ன என்று அவர்கள் கேட்பது நியாயமான கேள்வி.

பதில் சிறுநீரகத்தில் இருக்கிறது. அது ஒரு நாளைக்கு ஏறக்குறைய 180 லிட்டர் நீரை வடிகட்டி, உப்போடு சேர்த்து அதில் பெரும்பகுதியை ரத்தத்துக்கே திருப்பி அனுப்புகிறது. நீர் மாத்திரை அந்த உப்பைத் திரும்ப விடாமல் தடுக்கிறது. உப்பு வெளியேறினால் தண்ணீரும் கூடவே போகும். ஃபுரோசமைடு சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கி, ஆறு முதல் எட்டு மணி நேரம் வரை விடாது. இரவு ஒன்பதுக்குப் போட்டால் விடியும்வரை எழுந்து எழுந்து போக வேண்டும். தூக்கம் கெடுவது ஒரு பக்கம். அரைத் தூக்கத்தில், இருட்டில், கொல்லைப்புறப் படியில் தடுமாறி இடுப்பெலும்பை முறித்துக்கொள்வது அதைவிடப் பெரிய ஆபத்து. டாக்டர் இரண்டு வேளை எழுதினால்கூட இரண்டாவதை மதியத்தில் வைப்பது இதற்காகத்தான். காலையில் போட்டால்தான் பிரஷர் நன்றாக இறங்கும் என்பதற்காக அல்ல. பிரஷர் மாத்திரைகளைக் காலையில் ஒரு சாராருக்கும் மாலையில் ஒரு சாராருக்கும் கொடுத்து, பிரிட்டனில் 21,000 பேருக்கு மேல் கவனித்துப் பார்த்தார்கள். 2022-இல் முடிவு வந்தது: மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றில் வித்தியாசம் இல்லை.

ஆகவே பஸ் ஏறும் நாளில் மாத்திரையை அடியோடு விட வேண்டியதில்லை. ஊர் திரும்பியதும், மாலை நான்கு மணிக்குள் போட்டுக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் முன்னதாகவே கேட்டு வைத்துக்கொள்ளலாம். நேற்று விட்டதற்குச் சேர்த்து இன்று இரண்டாகப் போடுவது மட்டும் கூடாது.

அதற்கு முதலில் எது நீர் மாத்திரை என்று தெரிய வேண்டும். அட்டையில் கம்பெனி வைத்த பெயரை விட்டுவிட்டு மருந்தின் பெயரைத் தேடுங்கள். ‘சமைடு’ என்று முடிந்தால் (ஃபுரோசமைடு, டார்சமைடு) வேகமாக நீரை இறக்குவது. இதயம், சிறுநீரகம், ஈரல் கெட்டு வரும் வீக்கத்துக்கு எழுதுவார்கள். ‘தயசைடு’ என்று முடிவதும், குளோர்தாலிடோனும், இண்டபமைடும் பெரும்பாலும் பிரஷருக்கு. ஸ்பைரனோலாக்டோன் மூன்றாவது ரகம். ஏமாற்றுவது கூட்டு மாத்திரைதான். டெல்மிசார்ட்டான் அட்டையில் பெயருக்குப் பின்னால் ‘எச்’ என்று ஒற்றை எழுத்து நின்றால், பெரும்பாலும் உள்ளே 12.5 மில்லிகிராம் ஹைட்ரோகுளோரோதயசைடு இருக்கிறது என்று அர்த்தம்.

இப்படி வைத்துக்கொள்வோம். ஒரு பாட்டிக்கு அரசு மருத்துவமனையில் ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5 கொடுக்கிறார்கள். நடுவில் தலைவலி என்று தனியார் டாக்டரிடம் போகிறார். அங்கே ‘எச்’ போட்ட மாத்திரை எழுதப்படுகிறது. இரண்டு அட்டையும் வேறு நிறம், வேறு பெயர். பாட்டி இரண்டையும் சாப்பிடுகிறார். நீர் மருந்து இப்போது 25 மில்லிகிராம். சித்திரை வெயிலில் வியர்வையும் சேர்ந்துகொள்கிறது. படுக்கையிலிருந்து எழுந்தால் கண் இருட்டுகிறது, கெண்டைக்காலில் குரக்களி பிடிக்கிறது, நாலாம் நாள் பேச்சு குழறுகிறது. வயசாகிவிட்டது என்று வீட்டில் நினைப்பார்கள். ரத்தத்தில் சோடியம் பார்த்தால்தான் விஷயம் தெரியும். வயதானவர்களுக்கு தயசைடு வகையில் சோடியம் இறங்குவது அபூர்வமல்ல. இப்படிக் குழறல் வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பக்கவாதத்துக்கும் இதே அடையாளம்தான். எந்த டாக்டரிடம் போனாலும் வீட்டிலுள்ள அட்டைகளை ஒரு பையில் போட்டு எடுத்துப் போவதே இதற்கு வழி. மருந்துக்கடையில் நாலு மாத்திரை நறுக்கி வாங்கினால் பெயர் அச்சடித்த பக்கம் நம் கைக்கு வருகிறதா என்று பார்த்து வாங்குங்கள். பெயரில்லாத துண்டைப் பார்த்து எந்த டாக்டராலும் எதுவும் சொல்ல முடியாது.

ஸ்பைரனோலாக்டோன் மட்டும் எதிர்த்திசையில் போகும். மற்றவை பொட்டாசியத்தைக் குறைக்கும், இது ஏற்றும். டெல்மிசார்ட்டானோ எனலாப்ரிலோ கூட இருந்தால், அதிலும் சிறுநீரகம் தளர்ந்திருந்தால், தினம் ஒரு இளநீர் நல்லது என்ற பேச்சு அங்கே செல்லாது. அளவுக்கு மீறிய பொட்டாசியம் இதயத் துடிப்பையே குலைத்துவிடும்.

கால் வீங்கினால் எல்லாம் நீர்தான் என்பதும் இல்லை. அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரையே கணுக்காலை வீங்க வைக்கும். அது ரத்தக் குழாயை விரிப்பதால் அங்கே கசியும் நீர். உடம்பில் நீர் மிகுந்ததால் வந்ததல்ல. நீர் மாத்திரை அதை அவ்வளவாக வடிக்காது. அம்லோடிபினைக் குறைத்தாலோ மாற்றினாலோதான் கால் இறங்கும். யானைக்கால் வீக்கமும் நீர் மாத்திரைக்கு மசியாது. இதயக் கோளாறில் வரும் வீக்கத்துக்கு எடையே சாட்சி: காலையில் சிறுநீர் கழித்துவிட்டுச் சாப்பிடும் முன் எடை பார்த்து, மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறியிருந்தால், அது சோற்றால் ஏறிய எடை அல்ல. மூச்சு வாங்கும்வரை காத்திருக்காமல் அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும்.