உள்ளாட்சித் தேர்தல் பரப்புரைக்கு விடுப்பு கோருதல்

உள்ளாட்சித் தேர்தலில் வேட்பாளர் ஒருவருக்காக வாக்குக் கேட்கச் செல்லும் ஊழியர், தன் பணியிடத்தில் முன்கூட்டியே விடுப்பு கேட்டு எழுதும் விண்ணப்பம் இது. இத்தகைய விண்ணப்பத்தில் முதலில் எழும் கேள்வி, எத்தனை நாள் விடுப்பு என்பதன்று. விண்ணப்பிப்பவர் பரப்புரை செய்யச் சட்டப்படி உரிமை உள்ளவரா என்பதே.

அரசு ஊழியர்கள்

தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973, அரசு ஊழியர் அரசியலிலும் தேர்தலிலும் பங்கேற்பதைத் தடை செய்கின்றன. சட்டமன்றத் தேர்தலைப் போலவே உள்ளாட்சித் தேர்தலுக்கும் இத்தடை பொருந்தும். அவர் வாக்களிக்கலாம்; ஆனால் எவருக்கு வாக்களிப்பார் என்று வெளிக்காட்டக் கூடாது.

இங்கே பலரும் தவறாக எண்ணுவது ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் ஊராட்சி ஒன்றிய வார்டு, மாவட்ட ஊராட்சி வார்டு உறுப்பினர் தேர்தல்கள் கட்சி அடிப்படையில் நடக்கின்றன. கிராம ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் தேர்தல்களில் கட்சிச் சின்னம் கிடையாது. "கட்சி இல்லாத தேர்தல்தானே, சொந்த அண்ணனுக்கு வாக்குக் கேட்டால் என்ன?" என்று அரசு ஊழியர் நினைக்கக்கூடும். ஆனால் விதி கட்சியைப் பார்ப்பதில்லை, தேர்தலைப் பார்க்கிறது. எனவே கிராம ஊராட்சித் தேர்தலும் தடைக்குள் அடங்கும்.

விடுப்பு எடுத்தாலும் தடை நீங்காது. விடுப்பில் இருப்பவரும் அரசு ஊழியரே. "சொந்த வேலை" என்று எழுதி விடுப்புப் பெற்றுப் பரப்புரைக்குச் சென்றால், அந்த விடுப்பு ஆணை அவரைக் காப்பாற்றாது. அரசு உதவி பெறும் பள்ளி, கூட்டுறவு நிறுவனம், மின்வாரியம் போன்றவற்றில் பணிபுரிவோர் தத்தம் பணி விதிகளைப் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும்.

தனியார் ஊழியர்கள்

தனியார் கடை ஊழியர் வாக்குக் கேட்க எந்த அலுவலகத்திலும் தனி அனுமதி பெற வேண்டியதில்லை. அவருக்குத் தேவை முதலாளி தரும் விடுப்பு மட்டுமே. பரப்புரைக்கென்று தனி விடுப்பு வகை கிடையாது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, தகுந்த காரணத்துக்காக ஆண்டுக்கு 12 நாள் வரை ஊதியத்துடன் தற்செயல் விடுப்பு எடுக்க இடமளிக்கிறது. ஓராண்டு தொடர்ந்து பணிபுரிந்தவருக்கு வேறாக 12 நாள் ஆண்டு விடுப்பும் உண்டு.

ஓர் எடுத்துக்காட்டு

கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019 நவம்பரில் உருவானது. அங்கு ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2021 அக்டோபர் 6, 9 ஆகிய நாட்களில் இரு கட்டங்களாக நடந்தது. வேட்புமனுவைத் திரும்பப் பெறக் கடைசி நாள் செப்டம்பர் 25. கள்ளக்குறிச்சி நகரின் ஜவுளிக்கடை ஒன்றில் வேலை செய்யும் ஒருவரின் அண்ணன், கல்வராயன் மலையில் ஊராட்சித் தலைவர் பதவிக்குப் போட்டியிடுகிறார் என்றும், அங்கு 9ஆம் தேதி வாக்குப்பதிவு என்றும் வைத்துக்கொள்வோம்.

போட்டியிடுவோர் யார், எவருக்கு எந்தச் சின்னம் என்பது 25ஆம் தேதிதான் உறுதியாகும். வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு 48 மணி நேரம் முன்பே பரப்புரை ஓய வேண்டும். ஆகவே செப்டம்பர் 26 முதல் அக்டோபர் 7 மாலை வரை 12 நாட்கள் கிடைக்கின்றன. இவற்றில் இரண்டு ஞாயிறுகளும் காந்தி ஜயந்தியும் கடையின் விடுமுறை என்றால், மீதி 9 வேலைநாட்கள். மலைக் கிராமங்கள் தொலைவில் சிதறிக் கிடப்பதால் அவர் கடைசி நான்கு வேலைநாட்களைக் கேட்கிறார்.

> பெறுநர்: மேலாளர் அவர்கள்.
> பொருள்: தற்செயல் விடுப்பு கோருதல்.
> ஐயா, என் அண்ணன் கல்வராயன் மலையில் ஊராட்சித் தலைவர் பதவிக்குப் போட்டியிடுகிறார். அவருக்காக வாக்குச் சேகரிக்க 4.10.2021 முதல் 7.10.2021 வரை நான்கு நாட்கள் தற்செயல் விடுப்பு வழங்கக் கேட்டுக்கொள்கிறேன். 8ஆம் தேதி பணிக்குத் திரும்புவேன்.
> இணைப்பு: போட்டியிடும் வேட்பாளர் பட்டியல் நகல்.

எதை இணைப்பது?

இந்த இணைப்பு சட்டக் கட்டாயம் அன்று. சொன்ன காரணம் உண்மை என்று மேலாளருக்குக் காட்டும் சான்று. பரப்புரை வாகனத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் பெறும் அனுமதி வேறு. அந்த வாகனம் ஓடலாம், ஒலிபெருக்கி ஒலிக்கலாம் என்று மட்டுமே அது சொல்கிறது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அதுவும் கூடாது. வாகன அனுமதியின் நகலை இணைப்பதால் விடுப்பு உரிமையாகிவிடாது. அரசு ஊழியர் ஒருவர் அதையே இணைத்து விண்ணப்பித்தால், தடை நீங்குவதற்கு மாறாக, விதியை மீறப் போவதாகத் தாமே எழுதிக் கொடுத்தது போலாகும்.

விண்ணப்பம் கொடுத்ததாலேயே விடுப்பு கிடைத்ததாகக் கொள்ளக் கூடாது. மேலாளரின் கையொப்பமும் தேதியும் கொண்ட நகலை வாங்கி வைத்துக்கொண்ட பிறகே மலையேறுவது நல்லது. பின்னாளில் அந்த நான்கு நாட்களும் "சொல்லாமல் வராத நாட்கள்" என்று பதிவாகி ஊதியம் பிடிக்கப்பட்டால், காட்டுவதற்கு அந்த நகல்தான் இருக்கும்.