கல் குடித்த எண்ணெய்

வெள்ளை கிரானைட் போட்ட சமையல் மேடையில் எண்ணெய் டின்னை மாதக்கணக்கில் ஒரே மூலையில் வைத்திருந்தால், அதை நகர்த்தும் நாளில் அடிவட்டம் கல்லில் அச்சாகத் தெரியும். சோப்புப் போட்டுத் தேய்த்தால் மேடை பளபளக்கும். வட்டம் அப்படியே இருக்கும். பாத்திரப் பொடி, எலுமிச்சைத் தோல், கம்பி நார் என்று ஒவ்வொன்றாக வந்து போகும். கை வலிப்பதுதான் மிச்சம். கறை கல்லின் மேலே இருந்தால் அல்லவா தேய்த்து எடுக்க முடியும்? அது உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது.

பாலீஷ் போட்ட கிரானைட்டைத் தொட்டுப் பார்ப்பவர்களுக்கு இதை நம்புவது கடினம். ஆனால் அந்தக் கல் குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், மைக்கா போன்ற படிகங்கள் நெருக்கியடித்து இறுகியது. படிகமும் படிகமும் சேரும் இடங்களில் கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல்கள் உண்டு. கட்டடத்துக்கான கிரானைட் தன் எடையில் 0.4 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது என்கிறது அமெரிக்கத் தர அளவீடு ஒன்று. சின்ன எண்ணாகத் தோன்றும். 18 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு சதுர அடி ஸ்லாப் ஏறக்குறைய நாலரைக் கிலோ இருக்கும், அதில் 0.4 சதவீதம் 18 கிராம். அதாவது, அந்த எல்லைக்குள் வரும் நல்ல கல்லே சதுர அடிக்கு ஒரு மேசைக்கரண்டிக்கு மேல் உறிஞ்சி வைத்துக்கொள்ளலாம்.

எல்லாக் கல்லும் ஒரே மாதிரி குடிப்பதில்லை. நம் வீடுகளில் அதிகம் கிடக்கும் கறுப்புக் ‘கிரானைட்’ பெரும்பாலும் டோலரைட் வகைப் பாறை. இறுக்கமானது, குடித்தாலும் நிறம் காட்டிக்கொடுக்காது. வெளிர் கற்கள்தான் மாட்டிக்கொள்ளும். அவற்றில் பேர்போனது ‘காஷ்மீர் ஒயிட்’. பெயரில்தான் காஷ்மீர், வெட்டியெடுப்பது மதுரைப் பக்கத்துக் குவாரிகளில். சிவப்புப் புள்ளிகளாகக் கார்னெட் மணிகள் தெளித்த அழகான கல், ஆனால் நன்றாக உறிஞ்சும்.

எண்ணெய் பட்ட இடம் ஏன் கறுக்கிறது? எண்ணெயில் கறுப்பு ஏதும் இல்லை. வெளிர் கல்லின் விரிசல்களில் காற்று இருக்கும்வரை, உள்ளே நுழையும் ஒளி அங்கே மோதிச் சிதறித் திரும்பி வருகிறது. கல் வெளுப்பாகத் தெரிகிறது. காற்று இருந்த இடத்தை எண்ணெய் பிடித்துக்கொண்டால் ஒளி சிதறாமல் ஆழத்துக்குப் போய்விடும். தண்ணீர் பட்டாலும் இதே கதைதான், ஆனால் தண்ணீர் உலர்ந்ததும் கல் பழைய நிறத்துக்குத் திரும்பும். எனவே முதல் வேலை, அந்த இடத்தைத் துடைத்து இரண்டு நாள் ஈரம் படாமல் விட்டுப் பார்ப்பது. வெளுத்தால் தண்ணீர், அசையாமல் நின்றால் எண்ணெய். சிங்க்கைச் சுற்றி நிரந்தரமாகத் தெரியும் கருமைக்குக் கீழே கசியும் குழாயே காரணமாக இருக்கலாம். அதற்கு எந்தப் பற்றும் உதவாது, பிளம்பர்தான் உதவுவார்.

உள்ளே போன எண்ணெயை வெளியே கூப்பிட ஒரு வழிதான் உண்டு. எண்ணெயைக் கரைக்கும் திரவத்தை நுண்ணிய தூளில் குழைத்துப் பற்றாக அப்புகிறார்கள். திரவம் விரிசலுக்குள் இறங்கி எண்ணெயைக் கரைக்கிறது. பிறகு பற்றின் மேற்புறம் காயத் தொடங்கும்போது, ஆவியாகும் திரவத்தின் இடத்தை நிரப்பக் கீழேயிருந்து கரைசல் மேலே ஏறுகிறது. திரவம் காற்றில் போய்விடும், எண்ணெய் தூளில் தங்கிவிடும். தாஜ்மகாலின் மஞ்சளடைந்த பளிங்குக்கு இந்தியத் தொல்லியல் துறை 1994 முதல் பலமுறை முல்தானி மட்டி பூசிக் கழுவியதும் இந்தக் குடும்பத்து வைத்தியம்தான். அங்கே அழுக்கு வேறு, கல் வேறு. அதனால் அந்தச் செய்முறையை அப்படியே சமையலறைக்குக் கொண்டுவர முடியாது. முல்தானி மட்டியில் இரும்பும் மஞ்சள் நிறமும் உண்டு. வெள்ளை கிரானைட்டில் அதைத் தவிர்ப்பதே நல்லது.

சரியான தூள் வெள்ளையாக, மிக நைஸாக இருக்க வேண்டும். மைதா போதும், சமையல் சோடா, டால்கம், வெள்ளைக் களிமண் எதுவும் சரி. கோலமாவு சரிப்படாது, பல கடைகளில் கிடைப்பது கல்லை உடைத்த கொரகொரப்பான பொடி. கல்லின் நுண்விரிசலிலிருந்து இழுக்க வேண்டுமென்றால் பற்றின் இடைவெளிகளும் நுண்மையாக இருக்க வேண்டும். கரைக்கும் திரவமாக அசிட்டோன் வேண்டும். நகப்பூச்சு நீக்கியில் அசிட்டோன் இருந்தாலும் அதோடு நிறமும் வாசனையும் எண்ணெய்ப் பசையும் கலந்திருக்கும், அதை ஒதுக்கிவிடலாம்.

டின் வட்டம் 15 சென்டிமீட்டர் குறுக்களவு என்று வைத்துக்கொள்வோம். பற்று கறையின் விளிம்பைத் தாண்டி எல்லாப் பக்கமும் இரண்டரை சென்டிமீட்டர் பரவ வேண்டும். ஆக 20 சென்டிமீட்டர் வட்டம். கறையின் அளவுக்கே அப்பினால், கரைந்த எண்ணெய் பக்கவாட்டில் தள்ளப்பட்டுச் சுற்றிலும் புது வளையம் உருவாகும். இந்த அளவுக்கு 150 கிராம் தூள் வேண்டும். முதலில் மேடையைப் பாத்திரம் கழுவும் திரவத்தால் கழுவி முழுக்கக் காயவிட வேண்டும். மூலையில் சின்ன இடத்தில் வெள்ளைத் துணியால் அசிட்டோனைத் தொட்டுப் பார்ப்பதும் கட்டாயம். துணியில் கறுப்பு ஏறினால் அது சாயமேற்றிய கல், அங்கேயே நிறுத்திவிட வேண்டும். பிசின் பூசி மெருகேற்றிய கற்களில் பளபளப்பு மங்குகிறதா என்றும் அப்போதே பார்த்துவிடலாம்.

பிறகு எவர்சில்வர் கிண்ணத்தில் தூளைப் போட்டு அசிட்டோனைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி மரக்கரண்டியால் குழைக்கலாம். இட்லி மாவைவிடக் கெட்டியாக, கரண்டியைச் சாய்த்தால் வழியாமல் நிற்கும் பதம் வேண்டும். கறையின் மேல் சிறிது அசிட்டோனைத் தடவி நனைத்துவிட்டு, முக்கால் முதல் ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்குப் பற்றை அப்பி, காற்றுக் குமிழ் இல்லாமல் அழுத்த வேண்டும். மேலே அச்சில்லாத பாலித்தீன் தாளை விரித்து நான்கு பக்கமும் டேப் ஒட்டுவார்கள். (பால் கவரை வெட்டிப் போடுவது சிக்கனம்தான், ஆனால் அதன் மையை அசிட்டோன் கரைத்துவிடும்.) அசிட்டோன் நிமிடங்களில் பறந்துவிடக்கூடியது. அது கல்லுக்குள் இறங்க அவகாசம் கொடுப்பதற்குத்தான் இந்த மூடி.

ஒரு நாள் கழித்துப் பாலித்தீனை எடுக்கும்போதுதான் பெரும்பாலான வீடுகளில் காரியம் கெடுகிறது. பற்று ஈரமாக இருக்கும், ஆர்வம் தாங்காமல் அப்போதே வழித்துத் துடைத்துவிடுவார்கள். ஆனால் அதுவரை நடந்தது கரைப்பது மட்டும், இழுப்பது இனிமேல்தான். மூடியை நீக்கியபின் பற்று தானாகக் காய்ந்து, வெடித்து, விளிம்பு கிளம்பி நிற்கும்வரை விட வேண்டும். பெரும்பாலும் இன்னொரு நாள் ஆகும். காய்ந்த தகட்டைப் பிளாஸ்டிக் அட்டையால் நெம்பி எடுத்து, ஈரத்துணியால் துடைத்தால் போதும். எண்ணெய் வந்ததா என்று தெரிய, கல்லைத் தொட்டிருந்த பக்கத்துத் தூளை ஒரு வெள்ளைத் தாளில் வைத்து அழுத்திப் பார்க்கலாம். பஜ்ஜி வைத்த தாளைப் போல ஊடு தெரியும் தடம் விழுந்தால் பற்று வேலை செய்திருக்கிறது.

இந்த வேலையை அடுப்புள்ள இடத்தில் செய்வதால் ஒரு கண்டிப்பான விதி உண்டு. அசிட்டோன் ஆவி தீப்பொறிக்குக் காத்திருப்பது. சாதாரண அறை வெப்பத்திலேயே பற்றக்கூடியது. காற்றைவிடக் கனமாதலால் மேடையிலிருந்து வழிந்து தரையோரம் தேங்கும். சிலிண்டர் ரெகுலேட்டரை மூடி, விளக்கு ஊதுவத்தி எல்லாம் அணைத்து, ஜன்னலைத் திறந்து, பகலில்தான் குழைக்க வேண்டும். பற்று முழுக்கக் காயும்வரை அந்தச் சமையலறையில் அடுப்பு எரியக் கூடாது. இரண்டு நாள் சமையலுக்கு வேறு இடம் இல்லாத வீட்டில் இந்த முறையைத் தொடாமல் இருப்பதே மேல். அங்கே சமையல் சோடாவைத் தண்ணீரிலும் சில துளி பாத்திரத் திரவத்திலும் குழைத்துப் பூசலாம். அந்த வாரத்தில் சிந்திய எண்ணெய்க்கு அது ஓரளவு கேட்கும், ஆண்டுக் கணக்கில் ஊறியதற்குக் கேட்காது.

பற்றை எடுத்தவுடன் கறை முன்பைவிடக் கறுப்பாகத் தெரியலாம். பதற வேண்டியதில்லை, கல்லில் மிச்சமிருக்கும் ஈரம் அது; ஒரு நாள் கழித்துத்தான் தீர்ப்பு. முதல் தடவையிலேயே மறைவது அபூர்வம். பழைய கறைக்கு மூன்று, நான்கு முறை பூச வேண்டிவரும், ஒவ்வொரு முறையும் புதுத் தூள். ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சமாவது வெளுக்கிறதென்றால் தொடரலாம். வெளுத்த இடம் சில வாரங்களில் மறுபடி இருண்டால், ஆழத்தில் நின்ற எண்ணெய் மெல்ல மேலே பரவுகிறது என்று பொருள். இன்னொரு சுற்று அதற்கும் பலன் தரும்.

பிடிவாதமானது மஞ்சள் படிந்த பழங்கறை. சூரியகாந்தி எண்ணெய், நல்லெண்ணெய் போன்றவை காற்றுப் பட்டுப் பட்டு மெதுவாகப் பிசினாகும். பிசினானதை அசிட்டோன் சரியாகக் கரைக்காது. கருமை போய் மஞ்சள் மட்டும் நின்றால், மருந்துக் கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடில் வெள்ளைத் தூளைக் குழைத்து இன்னொரு பற்றுப் போடலாம். அசிட்டோன் சுவடே இல்லாமல் காய்ந்த பிறகுதான் இதைச் செய்ய வேண்டும். இரண்டும் கலப்பது ஆபத்து. இது எண்ணெயை எடுக்காது, நிறத்தைத்தான் வெளுக்கும், ஆகவே கறுப்புக் கல்லில் வேண்டாம். கழிப்பறை ஆசிட்டை எந்தக் கல்லிலும் ஊற்றக் கூடாது. எண்ணெய்க்கு அது ஒன்றும் செய்யாது. காஷ்மீர் ஒயிட்டின் கார்னெட்டில் உள்ள இரும்பைக் கிளறித் துருக்கறையைச் சேர்த்துவிடும்.

கறை போனபின் சிலர் அன்று மாலையே சீலர் அடித்துவிடுகிறார்கள். உள்ளே கொஞ்சம் எண்ணெய் நின்றிருந்தால் சீலர் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும், பிறகு எந்தப் பற்றும் எட்டாது. சில வாரம் பார்த்து, கருமை திரும்பவில்லை என்று உறுதியான பிறகே அடிக்க வேண்டும். தேவையா என்பதை நான்கைந்து துளித் தண்ணீரே சொல்லும்: கால் மணி நேரத்தில் துளியின் கீழே கல் இருண்டால் சீலர் வேண்டும். அடிக்கும்போது சிங்க்குக்காகவும் அடுப்புக்காகவும் வெட்டிய துளைகளின் உள்விளிம்பை மறக்கக் கூடாது. மேற்புறத்துக்குக் கிடைத்த பாலீஷ் அந்த வெட்டுமுகத்துக்குக் கிடைப்பதில்லை. அடுப்பைச் சுற்றித் தெறிக்கும் எண்ணெய் அந்த வழியாகத்தான் சுலபமாக உள்ளே போகிறது.