ஈவு பாதியாகும், மீதி ஆகாது

ஒன்பதாம் வகுப்புக் கணக்கு நோட்டுகளைத் திருத்துகிறவர்களுக்கு ஒரு விடை நன்றாகப் பழகிப்போயிருக்கும். 6x³ − 5x² − 8x + 10 என்ற பல்லுறுப்புக் கோவையை 2x − 3 ஆல் வகுக்கச் சொல்லியிருப்பார்கள். பிள்ளை எழுதியிருப்பது: ஈவு 6x² + 4x − 2, மீதி 7. கூட்டலிலும் பெருக்கலிலும் ஒரு தவறும் இராது. மீதியும் சரிதான். ஈவு மட்டும் உண்மையான ஈவைப்போல் இரண்டு மடங்காக இருக்கும்.

இது நேர்வது தொகுமுறை வகுத்தலில். நீள் வகுத்தலில் x-களையெல்லாம் சுமந்துகொண்டு இறங்க வேண்டும்; இதில் கெழுக்களை மட்டும் ஒரு வரியில் எழுதிக்கொண்டால் போதும். இத்தாலியரான பவுலோ ருஃபினி 1804-இல் வெளியிட்டது என்பதால் அந்த நாட்டுப் பள்ளிகளில் இதற்கு ருஃபினி விதி என்றே பெயர். வகுத்தி x − 3 என்றால் இடப்பக்கம் 3 போடுகிறோம். X + 3 என்றால் −3. அதாவது வகுத்தியைச் சுழியாக்கும் x-இன் மதிப்பு. 2x − 3 சுழியாவது x = 3/2 ஆகும்போது. ஆகவே இடப்பக்கம் 3/2:

```
3/2 |  6   -5   -8   10
    |       9    6   -3
    -------------------
       6    4   -2    7
```

முதல் 6 அப்படியே இறங்குகிறது. அதை 3/2 ஆல் பெருக்கினால் 9. அதை −5 உடன் கூட்டினால் 4. நாலை 3/2 ஆல் பெருக்கினால் 6. −8 உடன் கூட்டினால் −2. அதைப் பெருக்கினால் −3. பத்துடன் கூட்டினால் 7. கடைசி எண் மீதி, மற்றவை ஈவின் கெழுக்கள் என்பதுதான் பழகிய பாடம். பிள்ளை அதைத்தான் எழுதியிருக்கிறான்.

அவன் வகுத்தது 2x − 3 ஆல் அல்ல. 3/2 என்று இடப்பக்கம் எழுதியபோதே வகுத்தி x − 3/2 ஆகிவிட்டது. அதற்கு அவன் கண்டது மிகச் சரியான விடை:

6x³ − 5x² − 8x + 10 = (x − 3/2)(6x² + 4x − 2) + 7

இப்போது வலப்பக்கத்துப் பெருக்கலை மட்டும் கவனியுங்கள். முதல் அடைப்பை 2 ஆல் பெருக்கி, இரண்டாவதை 2 ஆல் வகுத்தால் பெருக்கற்பலன் மாறாது. முதல் அடைப்பு 2x − 3 ஆகிவிடும், இரண்டாவது 3x² + 2x − 1 ஆகிவிடும். அந்த 7 எந்த அடைப்புக்குள்ளும் இல்லை; அதனால் அதை யாரும் தொடவில்லை. ஈவு 3x² + 2x − 1, மீதி 7.

பாதியாக்க வேண்டும் என்று நினைவு வைத்திருக்கும் பிள்ளைகளில் சிலர் வேகத்தில் மீதியையும் பாதியாக்கி 3½ என்று எழுதிவிடுவார்கள். இதற்கு எண்களில் பழகிய ஒரு உள்ளுணர்வும் காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. எண்களில் வகுத்தி இரட்டித்தால் மீதி மாறத்தான் செய்யும், சில சமயம். 50-ஐ 3 ஆல் வகுத்தால் ஈவு 16, மீதி 2. 6 ஆல் வகுத்தால் ஈவு 8, மீதி அதே 2. ஆனால் 47-ஐ 3 ஆல் வகுத்தால் ஈவு 15, மீதி 2. 6 ஆல் வகுத்தால் ஈவு 7, மீதி 5. பதினைந்தைப் பாதியாக்க முடியாததால் ஒரு மூன்று மிச்சப்பட்டு மீதியோடு சேர்ந்துகொண்டது. பல்லுறுப்புக் கோவையில் இந்தச் சிக்கல் கிடையாது. கெழு பின்னமாக இருக்கலாம் என்பதால் ஈவு எப்போதும் பாதியாகும். எதுவும் வழிந்து மீதியில் விழாது. மீதிக்கு இங்கே உள்ள ஒரே நிபந்தனை, அதில் x இருக்கக் கூடாது என்பது. 7 முன்பும் அப்படித்தான், இப்போதும் அப்படித்தான்.

விடையைச் சரிபார்க்கப் பலர் x = 3/2 என்று போட்டுப் பார்ப்பார்கள். கோவையின் மதிப்பு 7 வரும். மீதி சரி என்று தெரியும். ஆனால் ஈவைப் பற்றி அது ஒரு வார்த்தை சொல்லாது. அந்த இடத்தில் வகுத்தி சுழியாகிவிடுவதால், ஈவு என்று எதை எழுதியிருந்தாலும் பெருக்கற்பலன் சுழிதான். பாதியாக்க மறந்த விடையும் இந்தச் சோதனையில் தேறிவிடும். அதைவிட இரண்டு முனைகளை மட்டும் பார்ப்பது நல்லது. 2x-ஐ ஈவின் முதல் உறுப்பால் பெருக்கினால் 6x³ வர வேண்டும். 3x² போட்டால் வருகிறது, 6x² போட்டால் 12x³ ஆகிவிடுகிறது. கடைசியில் −3-ஐ ஈவின் மாறிலியான −1 ஆல் பெருக்கி 7-ஐக் கூட்டினால் 10. மீதியை 3½ ஆக்கியவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள்.

இன்னொரு வழி இருக்கிறது. எனக்கு இதுதான் பிடித்தது. பாதியாக்குவதைக் கடைசிக்குத் தள்ளாமல் போகிற போக்கிலேயே செய்துவிடலாம். 3/2 ஆல் பெருக்குவது என்றால் 2 ஆல் வகுத்து 3 ஆல் பெருக்குவதுதானே? 6-இன் பாதி 3, அதை எழுதிக்கொள்ளுங்கள். 3 × 3 = 9, −5 உடன் கூட்ட 4. பாதி 2, எழுதுங்கள். 2 × 3 = 6, −8 உடன் கூட்ட −2. பாதி −1, எழுதுங்கள். −1 × 3 = −3, பத்துடன் கூட்ட 7. இதற்கு மேல் பெருக்கிக் கூட்ட அடுத்த கெழு இல்லை. ஆகவே பாதியாக்க வேண்டிய வேலையும் இல்லை. எழுதியவை 3, 2, −1. ஈவு நேராகவே கிடைத்துவிட்டது, மீதியை ஏன் தொடக் கூடாது என்பதும் கைக்கே புரிந்துவிடுகிறது. நீள் வகுத்தலில் 6x³-ஐ 2x ஆல் வகுத்து 3x² என்று மேலே எழுதுவோமே, அதே வேலைதான் இது. X-கள் மட்டும் இல்லை.

2x − 3 ஒரு காரணியா என்று பார்ப்பதற்கு இந்த முறை ஒரு குறுக்கு வழியும் தருகிறது. முழு எண் கெழுக்கள் கொண்ட கோவை 2x − 3 ஆல் மீதியின்றி வகுபட்டால், ஈவின் கெழுக்களும் முழு எண்களாகத்தான் இருக்கும். காஸ் நிறுவிய ஒரு துணைத்தேற்றத்திலிருந்து வருவது இது. அப்படியானால், பாதியாக்கும்போது நடுவில் ஓர் ஒற்றைப்படை எண் குறுக்கிட்டால் அத்துடன் நிறுத்திவிடலாம். 4x³ − 8x² + 8x − 3 என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். 4-இன் பாதி 2; 2 × 3 = 6, −8 உடன் −2. பாதி −1; −1 × 3 = −3, 8 உடன் 5. ஐந்தைப் பாதியாக்கினால் பின்னம். மீதியைக் கண்டுபிடிக்காமலேயே 2x − 3 காரணி இல்லை என்று சொல்லிவிடலாம். விடாப்பிடியாக முடித்துப் பார்த்தால் மீதி 9/2.

வகுத்தி 4x − 6 என்று இருந்தால் இந்தக் குறுக்கு வழி செல்லாது. அதில் 4-க்கும் 6-க்கும் 2 பொதுவாக இருக்கிறது. அதை வெளியே எடுத்து 2x − 3 ஆக்கிவிட்டுத்தான் ஒற்றைப்படையைத் தேட வேண்டும். வகுத்தலுக்கு மட்டும் என்றால் தடையில்லை. முதலில் பார்த்த கோவையை 4x − 6 ஆல் வகுத்தாலும் இடப்பக்கம் அதே 3/2, கீழ் வரியில் அதே 6, 4, −2, 7. ஈவை மட்டும் இந்த முறை 4 ஆல் வகுக்க வேண்டும்: (3/2)x² + x − 1/2. மீதி அதே 7.