நடுராத்திரியில் பிள்ளை ஏன் எழுந்து அழுகிறது?
(பெற்றோர் வகுப்புக்கு ஓர் அழைப்பு)



"ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எழுந்து ஒரு அழுகை. தூளியை ஆட்டினா தூங்குது. ஒன்றரை மணி நேரம் ஆனா திரும்பவும் அழுகை. விடியறதுக்குள்ள மூணு தடவை. நான் எப்பத்தான் தூங்கறது?"

தடுப்பூசி போட வரும் தாய்மார்கள் பலர் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லும் குறை இது. "வயிறு ரொம்பல" என்பார் மாமியார். "கண் பட்டிருக்கு, சுத்திப் போடு" என்பார் பக்கத்து வீட்டு அம்மா. இன்னும் சிலர் மருந்துக் கடையில் இருமல் மருந்தை வாங்கி ஒரு பாலாடை ஊற்றிவிடுகிறார்கள். இது மிகவும் ஆபத்து. தூக்கம் வரவேண்டும் என்று இருமல் மருந்து, சளி மருந்து, பிராந்தி எதுவும் பிள்ளைக்குக் கொடுக்கவே கூடாது. மூச்சே தடைப்படலாம்.

சரி, பிள்ளை ஏன்தான் எழுந்திருக்கிறது? இதை விளக்கவே உங்கள் ஊர் அங்கன்வாடி மையத்தில் ஒரு பெற்றோர் வகுப்பு நடைபெற இருக்கிறது. 1 வயது முதல் 5 வயது வரை பிள்ளை உள்ள தம்பதிகள் வரலாம். வகுப்பில் பேசப்போவது என்ன என்பதை இங்கே சுருக்கமாகச் சொல்கிறோம்.

எல்லோரும்தான் விழிக்கிறோம்

ராத்திரி முழுவதும் ஒரே மூச்சில் தூங்குகிறவர் யாரும் இல்லை. ஆழ்ந்த தூக்கம், லேசான தூக்கம் என்று மாறி மாறி வருகிறது. லேசான தூக்கத்தில் நீங்களும் நானும்கூடக் கொஞ்சம் விழிக்கிறோம். புரண்டு படுக்கிறோம், போர்வையை இழுத்துக்கொள்கிறோம், மறுபடி தூங்கிவிடுகிறோம். காலையில் அது நினைவிலேயே இருப்பதில்லை.

ஆனால், வீட்டுக்குள் கட்டிலில் படுத்த நீங்கள் விழிக்கும்போது வெளித்திண்ணையில் கிடந்தால் என்ன செய்வீர்கள்? "யாரு என்னை இங்க கொண்டு வந்து போட்டது?" என்று எழுந்து உட்கார்ந்துவிடுவீர்கள் அல்லவா? பிள்ளைக்கும் அதேதான். தூளி ஆடிக்கொண்டிருந்தபோது கண்ணை மூடியது. விழித்தபோது தூளி ஆடவில்லை, அம்மா கையும் இல்லை. அது தெரிந்த ஒரே வழியில் உங்களைக் கூப்பிடுகிறது. அழுகிறது.

ஆகவே பிள்ளை விழிப்பது குற்றமில்லை. விழித்தபின் தானாகத் திரும்பத் தூங்க அது இன்னும் பழகவில்லை. எந்த நிலையில் கண்ணை மூடுகிறதோ, அதே நிலை விழிக்கும்போதும் இருந்தால் பெரும்பாலும் தானே தூங்கிவிடும். இதுதான் இந்த வகுப்பின் முக்கியப் பாடம்.

ஒன்றை மறக்காதீர்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தைக்கு இது பொருந்தாது. அது ராத்திரியில் எழுவது பசிக்காக. அழும்போதெல்லாம் தாய்ப்பால் கொடுக்கத்தான் வேண்டும்.

ஒரு வீட்டுக் கதை

உதாரணமாக ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். பிள்ளைக்கு ஒன்றே முக்கால் வயது. மதியம் விளையாடிவிட்டு 4 மணிக்குத் தூங்கி 6½ மணிக்கு எழுகிறது. "அது தூங்கறப்பதான் எனக்கு வேலை ஓடும்" என்று அம்மா எழுப்புவதில்லை. அப்பா 7½ மணிக்கு வேலையிலிருந்து வருகிறார். பிள்ளையைத் தூக்கிப் போட்டுப் பிடித்து விளையாடுகிறார். பிறகு செல்போனில் பாட்டுப் படம். 10 மணிக்குத் தூளியில் போட்டு அம்மா அரை மணி நேரம் ஆட்டுகிறார். 10½ மணிக்குத் தூங்கும் பிள்ளை மூன்று முறை அழுது, 6½ மணிக்கு எழுகிறது.

கணக்குப் பாருங்கள். ராத்திரி 8 மணி நேரத்தில் விழிப்பு ஒன்றரை மணி போனால் 6½ மணி. பகலில் 2½ மணி. ஆக மொத்தம் 9 மணி நேரம். ஒன்று, இரண்டு வயதுப் பிள்ளைக்குப் பகலும் இரவும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் கூறியிருக்கிறது. மூன்று, நான்கு வயதுக்கு 10 முதல் 13 மணி நேரம். இந்தப் பிள்ளைக்கு இரண்டு மணி நேரமாவது குறைகிறது. பகலெல்லாம் சிணுங்குவதும், சோற்றைத் தட்டிவிடுவதும் அதனால் இருக்கலாம்.

இந்த வீட்டில் மூன்று காரியங்களை மாற்ற வேண்டும்.

முதலாவது, பகல் தூக்கம். தூக்கமும் பசி மாதிரிதான். சாயங்காலம் வயிறு நிறையத் தின்ற பிள்ளை ராத்திரி சோறு உண்ணுமா? 6½ மணி வரை தூங்கிய பிள்ளைக்கு 8½ மணிக்குத் தூக்கம் வராது. ஆகவே மதியச் சோறு ஊட்டி 12½ மணிக்குப் படுக்க வைத்து, 2½ மணிக்கு எழுப்பிவிட வேண்டும். ராத்திரி எத்தனை முறை எழுந்திருந்தாலும், காலையில் 6½ மணிக்கே எழுப்ப வேண்டும்.

இரண்டாவது, படுக்கும் முன் அரை மணி நேரம். ராத்திரிச் சோறு ஆனதும் செல்போனையும் டி.வி.யையும் அணைத்துவிடுங்கள். அந்த வெளிச்சமும் ஆட்டமும் வருகிற தூக்கத்தை விரட்டிவிடும். பிறகு தினமும் ஒரே வரிசை: தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்குப் பால், பல் துலக்கிக் கை கால் கழுவுதல், சிறுநீர் கழித்து உடுப்பு மாற்றுதல், பெரிய விளக்கை அணைத்துப் பாயில் படுத்தல், ஒரு கதை அல்லது ஒரு தாலாட்டு. பால் கடைசியாக இருக்கக் கூடாது. குடித்துக்கொண்டே தூங்கினால், விழிக்கும்போதும் அதையே தேடும். புட்டிப்பால் என்றால் பல்லும் சொத்தையாகும். மணி பார்க்கத் தெரியாத பிள்ளைக்கு இந்த வரிசைதான் கடிகாரம். கால் கழுவியதுமே அடுத்தது தூக்கம் என்று அதற்குத் தெரிந்துவிடும்.

இந்த வரிசையை முதல் நாளே 8 மணிக்குத் தொடங்கினால் பிள்ளை படுக்காது, சண்டைதான் வரும். இப்போது உண்மையில் எந்நேரம் தூங்குகிறதோ, அதற்கு அரை மணி முன்பாகத் தொடங்குங்கள். இரண்டு நாளைக்கு ஒரு முறை கால் மணி நேரம் முன்னே நகர்த்துங்கள். 10½ மணி 8½ மணியாக மாற 16 நாள் ஆகும். பிறகு ராத்திரி 10 மணி நேரம், பகல் 2 மணி நேரம், மொத்தம் 12 மணி நேரம். போதுமானது.

மூன்றாவது, தூளி. ஒரேயடியாக அவிழ்த்து வைத்தால் பிள்ளை தாங்காது. படிப்படியாக வாருங்கள். முதல் மூன்று ராத்திரி தூளியை ஆட்டுங்கள். கண் சொருகும்போதே, முழுவதும் தூங்குமுன், நிறுத்திவிடுங்கள். அடுத்த மூன்று ராத்திரி பாயில் படுக்க வைத்து முதுகில் தட்டிக் கொடுங்கள். அதற்கடுத்த மூன்று ராத்திரி தட்ட வேண்டாம், கையை மேலே வைத்திருந்தால் போதும். பிறகு பக்கத்தில் படுத்திருந்தாலே போதும். தனி அறையில் விட்டு அழ வைக்கச் சொல்லவில்லை. நீங்கள் பக்கத்திலேயே இருங்கள். தூக்கி ஆட்டாதீர்கள், அவ்வளவுதான்.

எங்கே தவறுகிறது?

நடுராத்திரி சிணுங்கியதும் பாய்ந்து தூக்க வேண்டாம். கொஞ்சம் பொறுங்கள், பாதித் தூக்கத்தில் முனகிவிட்டு அதுவே அடங்கலாம். அடங்காவிட்டால் விளக்குப் போடாமல், பேச்சுக் கொடுக்காமல், படுத்த இடத்திலேயே தட்டிக் கொடுங்கள்.

மூன்றாம், நான்காம் ராத்திரி அழுகை கூடினாலும் கூடும். பல வீடுகளில் அப்போதுதான் தவறுகிறது. அம்மா பொறுத்துக்கொள்வார். "புள்ளைய ஏன் அழ விடற?" என்று பாட்டி தூளியைக் கட்டுவார். அல்லது அப்பா செல்போனைக் கொடுத்துவிடுவார். இன்னும் பலமாக அழுதால் கிடைக்கும் என்று பிள்ளை கற்றுக்கொள்ளும். ஆகவே தொடங்குமுன் வீட்டில் எல்லோரும் பேசி முடிவு செய்யுங்கள். கதை சொல்வதும் கால் கழுவி விடுவதும் அப்பா வேலையாக இருக்கட்டும். பகலெல்லாம் பார்க்காத பிள்ளையோடு அதுவும் ஒரு விளையாட்டுத்தானே!

காய்ச்சல் வந்தாலோ, ஊருக்குப் போனாலோ வரிசை கெடும். கவலை வேண்டாம். பிள்ளை தேறிய மறுநாளே பழையபடி தொடங்குங்கள்.

பழக்கமா, நோயா?

பழக்கத்தால் அழும் பிள்ளை, ஆட்டினால் சில நிமிடத்தில் அடங்கும். பகலில் நன்றாக விளையாடும். ஆட்டியும் அடங்காமல் காதைப் பிடித்து அழுதால் காதுவலியாக இருக்கலாம். ராத்திரியில் ஆசனவாயைச் சொறிந்தால் கீரிப்பூச்சி இருக்கலாம். செவிலியரிடம் சொல்லுங்கள், பூச்சி மாத்திரைக்கு ஏற்பாடு செய்வார். தினமும் குறட்டை விட்டு, வாயால் மூச்சு விட்டு, நடுநடுவே மூச்சு நின்று திணறினால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டரிடம் காட்டத் தவறாதீர்கள். இவை வகுப்பினால் தீருபவை அல்ல.

தூளியைப் பற்றி இன்னொரு எச்சரிக்கை. காலியான தூளியைத் தொங்க விடாதீர்கள். பெரிய பிள்ளைகள் அதில் சுற்றி விளையாடும்போது கழுத்து இறுகி உயிரே போனதுண்டு. வேலை முடிந்ததும் அவிழ்த்துவிடுங்கள்.

வகுப்புக்கு வரும்போது

வகுப்பு ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்கு நடக்கும். ஒன்றரை மணி நேரம். ராத்திரியில் வைத்தால் பிள்ளைகளின் தூக்க நேரம் கெடும் என்றுதான் காலையில் வைத்திருக்கிறோம். எந்த ஞாயிறு என்பதைச் செவிலியர் வீடு தேடி வந்து சொல்வார். கட்டணம் கிடையாது. பிள்ளையையும் அழைத்து வாருங்கள். பாட்டி வந்தால் இன்னும் நல்லது.

வருமுன் ஒரு வேலை செய்யுங்கள். மூன்று நாளைக்கு, பிள்ளை தூங்கிய நேரம், எழுந்த நேரம், ராத்திரி அழுத நேரம் ஆகியவற்றைக் காலண்டர் தாளின் பின்புறம் குறித்து வாருங்கள். எழுத வராவிட்டால் வாயால் சொல்லுங்கள், நாங்கள் எழுதிக்கொள்கிறோம். அதை வைத்து, உங்கள் வீட்டு வேலை நேரத்துக்கு ஏற்றபடி உங்கள் பிள்ளைக்கென்று ஒரு கால அட்டவணை போட்டுத் தருவோம். மூன்று வாரம் கழித்து மறுபடி கூடி, எது நடந்தது, எது நடக்கவில்லை என்று பேசுவோம்.

தாய் மட்டும் வந்து போனால் பாதிப் பயன்தான். ராத்திரியில் தூளியை ஆட்டுவது ஒருவர், செல்போனைக் கொடுப்பது இன்னொருவர் என்றால் வரிசை எப்படி நிற்கும்? கணவனும் மனைவியும் சேர்ந்தே வாருங்கள்.