சிறுநீரில் கீட்டோன்: பட்டையின் நிறம் சொல்வது என்ன?

வாந்தியால் சோர்ந்த குழந்தையின் சிறுநீரைப் பரிசோதித்து, "கீட்டோன் 3+" என்று அறிக்கை வந்தவுடன் பெற்றோர் பலர் கலங்கிவிடுகின்றனர். சிறுநீரகம் பழுதாகிவிட்டதோ, நச்சு ஏறிவிட்டதோ என்று எங்களிடம் கேட்கின்றனர். அந்த எண்ணின் பொருளை இங்கே விளக்க விரும்புகிறோம்.

நாம் உண்ணும் மாவுச்சத்தின் ஒரு பகுதி கல்லீரலில் சேமித்து வைக்கப்படுகிறது. சிறு குழந்தைகளிடம் இந்தச் சேமிப்பு குறைவு. அவர்களது மூளைக்குத் தேவையான சர்க்கரையோ உடல் எடையை நோக்க மிக அதிகம். எனவே ஓர் இரவு முழுவதும் உணவு தங்காவிட்டாலே சேமிப்பு பெருமளவு தீர்ந்துவிடும். அப்போது உடல் கொழுப்பைக் கரைத்து எரிபொருளாக்குகிறது. அவ்வாறு உண்டாகும் பொருள்களே கீட்டோன்கள். இது உடல் பட்டினியைச் சமாளிக்கும் இயல்பான வழி, தனியொரு நோயன்று. ஆயினும் இரத்தத்தில் கீட்டோன் மிகும்போது குமட்டலும் மிகும்; குழந்தை உண்ண மறுக்கும்; மறுப்பதால் கீட்டோன் மேலும் பெருகும். இந்தச் சுழலை உடைப்பதே சிகிச்சையின் நோக்கம்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். நான்கு வயது, 14 கிலோ எடையுள்ள குழந்தை. மாலையிலிருந்து ஆறு முறை வாந்தி; இரவு எதுவும் தங்கவில்லை. காலையில் சிறுநீர்ப் பட்டையில் கீட்டோன் 3+, சர்க்கரை இல்லை. விரலில் குத்திப் பார்த்த இரத்தச் சர்க்கரை 68 மி.கி. குழந்தை சோர்வாக இருந்தாலும் அழைத்தால் விழித்துப் பேசுகிறது. நாக்கு சற்று உலர்ந்துள்ளது. இதைப் பட்டினியால் வந்த கீட்டோன் என்று கொள்கிறோம்.

இக்குழந்தைக்கு ஓ.ஆர்.எஸ். கரைசலை இரண்டு நிமிடத்திற்கு ஒரு முறை 5 மி.லி., அதாவது ஒரு தேக்கரண்டி அளவு புகட்டச் சொல்வோம். இவ்வாறு ஒரு மணி நேரத்தில் 150 மி.லி. உட்செல்லும். இடையில் வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மீண்டும் தொடங்க வேண்டும். தாகத்தில் ஒரே மூச்சில் ஒரு டம்ளர் குடிக்க விடுவதுதான் பல வேளைகளில் அடுத்த வாந்திக்குக் காரணமாகிறது. வெறும் தண்ணீரில் சர்க்கரை இல்லை, ஓ.ஆர்.எஸ்.ஸில் உள்ள குளுக்கோஸ் உப்பையும் நீரையும் குடல் உறிஞ்ச உதவுவதோடு சிறிது எரிபொருளும் தருகிறது. வாந்தி அடங்கியதும் கஞ்சி, இட்லி, வாழைப்பழம் என்று மாவுச்சத்து சேர்ந்தால்தான் கீட்டோன் உற்பத்தி நிற்கும்.

மாலையில் குழந்தை விளையாடத் தொடங்கிவிட்டது. ஆனால் பட்டை இன்னும் 2+ காட்டுகிறது. "குறையவில்லையே, டாக்டர்?" என்ற கேள்வி இங்கேதான் எழும். இதற்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, பட்டை காட்டுவது சிறுநீர்ப்பையில் சில மணி நேரமாகச் சேர்ந்த நீரின் கதையை. இந்த நிமிடத்து இரத்தத்தின் நிலையை அன்று. இரண்டாவது, கீட்டோன்களுள் ஒரு வகையை மட்டுமே பட்டையால் அறிய முடியும். உடல் தேறும்போது பட்டைக்குத் தெரியாத வகை தெரியும் வகையாக மாறுவதால், நிறம் சற்று நேரம் நீடிக்கக்கூடும். சிறுநீர் அடர்த்தியாக இருந்தாலும் நிறம் கருஞ்சிவப்பாகத் தெரியும். ஆகவே நீரிழப்பின் அளவை இந்த எண்ணைக் கொண்டு மட்டும் நாங்கள் கணிப்பதில்லை. விழிப்பு, நாக்கின் ஈரம், சிறுநீர் கழிக்கும் இடைவெளி, எடை ஆகியவற்றையே பெரிதும் நம்புகிறோம்.

வீட்டில் பட்டை பயன்படுத்துவோர் அப்போது கழித்த சிறுநீரில் நனைத்து, புட்டியில் குறிப்பிட்ட விநாடிகள் கழிந்தவுடன் நிறத்தை ஒப்பிட வேண்டும். தாமதித்துப் பார்த்தால் நிறம் மாறியிருக்கும். மூடி திறந்தே கிடந்த புட்டியின் பட்டைகள் ஈரம் ஏறி, இருக்கும் கீட்டோனையும் இல்லை என்று காட்டிவிடலாம்.

ஒரே ஒரு சேர்க்கையைக் கண்டால் காத்திருக்கலாகாது: கீட்டோனுடன் சிறுநீரில் சர்க்கரையும் இருப்பது. அது நீரிழிவின் தொடக்கமாக இருக்கலாம். அக்குழந்தை சில நாள்களாகவே அதிகம் தண்ணீர் குடித்திருக்கும், அடிக்கடி சிறுநீர் கழித்திருக்கும், இளைத்திருக்கும். உடல் வறண்ட நிலையிலும் சிறுநீர் தாராளமாகப் போகும். மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் இருக்கும். இதற்கு இன்சுலின் தேவை, ஓ.ஆர்.எஸ். மட்டும் போதாது. உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும்.

பட்டை எதைக் காட்டினாலும், குழந்தையை எழுப்ப முடியாவிட்டால், வலிப்பு வந்தால், பச்சை நிறத்திலோ இரத்தத்துடனோ வாந்தி எடுத்தால், எட்டு மணி நேரம் சிறுநீர் கழிக்காவிட்டால் அவசரப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள். வரும்போது கடைசியாக உணவு தங்கிய நேரத்தையும் கடைசியாகச் சிறுநீர் கழித்த நேரத்தையும் குறித்து வாருங்கள். பட்டையின் எண்ணை நாங்கள் அவ்விரு நேரங்களோடு சேர்த்தே படிக்கிறோம்.